செய்வினையும் செயப்பாட்டுவினையும்: எதை மாற்றலாம், எதை மாற்றவே முடியாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் தரம் 8 முதல் சாதாரண தரம் வரை தமிழ் படிப்பிக்கிறேன். பிள்ளைகளும் சில நேரம் தாய்மாரும் என்னிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன். மாற்றும் விதியைப் பிள்ளைகள் கெதியாகப் பிடித்துவிடுகிறார்கள். மாற்ற முடியாத வசனத்தையும் விடாமல் மாற்றி வைப்பதுதான் புள்ளியைக் குறைக்கிறது. ஆகவே அதற்குத்தான் இங்கே கூடுதல் இடம்.

ரீச்சர், ஒரு வசனத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றும்போது என்னென்ன மாறும்?

மாரி மழை கனத்தால் பத்திரிகையில் கட்டாயம் வரும் ஒரு செய்தியை எடுப்போம்: ‘இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன.’ இதன் செய்வினை ‘அதிகாரிகள் வான் கதவுகளைத் திறந்தார்கள்’ என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

‘கதவுகளை’ என்பதில் இருந்த ஐ உருபு போய், ‘கதவுகள்’ எழுவாயாக முன்னுக்கு வந்துவிட்டது. எழுவாயாக இருந்த ‘அதிகாரிகள்’ ஆல் உருபு பெற்று ‘அதிகாரிகளால்’ ஆகிவிட்டது. ‘திறந்தார்கள்’ என்ற வினை ‘திறக்க’ என்ற எச்சமாகி, அதோடு ‘படு’ சேர்ந்து ‘திறக்கப்பட்டன’ ஆனது. முழு வசனம்: ‘வான் கதவுகள் அதிகாரிகளால் திறக்கப்பட்டன.’

இந்த மூன்றையும் எல்லாரும் சரியாகச் செய்வார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். வினையின் முடிவு புதிய எழுவாயோடு பொருந்த வேண்டும். கதவுகள் பல, அஃறிணை. ஆகவே ‘பட்டன’. ‘கதவுகள் திறக்கப்பட்டது’ என்று எழுதினால் ஒருமை பன்மை மயங்கிவிடும். ‘ஆசிரியர் மாணவர்களைப் பாராட்டினார்’ என்பதை மாற்றும்போதும் இப்படித்தான். பாராட்டியவர் ஒருவர், ஆனால் வினை ‘மாணவர்கள் ஆசிரியரால் பாராட்டப்பட்டார்கள்’ என்று முடியும்.

காலம் மாறக்கூடாது. ‘திறக்கிறார்கள்’ என்றிருந்தால் ‘திறக்கப்படுகின்றன’, ‘திறப்பார்கள்’ என்றிருந்தால் ‘திறக்கப்படும்’, ‘திறக்கவில்லை’ என்றிருந்தால் ‘திறக்கப்படவில்லை’.

‘வயல் உழுதப்பட்டது’ என்று எழுதினேன், பிழை போட்டுவிட்டார்கள். ஏன்?

‘உழுது’ என்பது வேலை முடிந்துவிட்டதைக் காட்டும் எச்சம். ‘படு’ அதோடு சேராது. ‘செய’ என்ற வாய்பாட்டில் வரும் எச்சத்தோடுதான் சேரும். ‘முடியும்’ என்ற சொல்லை வினைக்குப் பின்னால் போட்டுப் பாருங்கள், சரியான வடிவம் தானாக வரும். ‘உழ முடியும்’ என்கிறோம், ‘உழுத முடியும்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ‘உழப்பட்டது’. ‘நட முடியும்’, ஆகவே கன்று ‘நடப்பட்டது’. ‘நட்டப்பட்டது’ பிழை. ‘விதைக்க முடியும்’, ஆகவே ‘விதைக்கப்பட்டது’. ‘கேட்க முடியும்’, ஆகவே ‘கேட்கப்பட்டது’.

எச்சத்துக்கும் ‘படு’வுக்கும் நடுவில் ப் கட்டாயம் மிகும். ‘எழுதபட்டது’ என்று கடைப் பலகைகளிலும் அறிவித்தல்களிலும் பார்க்கிறேன். ‘எழுதப்பட்டது’ என்பதே சரி.

இன்னொரு சின்னக் கவனம். ‘கன்று நடப்பட்டது’ என்பது ‘நடு’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘கூட்டம் நடத்தப்பட்டது’ என்பது ‘நடத்து’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘கூட்டம் நடப்பட்டது’ என்று எழுதினால் கூட்டத்தை மண்ணில் ஊன்றியதாகப் பொருள் வந்துவிடும்.

மாற்றவே முடியாத வசனம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்த வேலையைத் தாங்குகிற ஒரு பொருள் வசனத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதை, யாரை என்று கேட்டால் பதில் வர வேண்டும். ‘தம்பி நித்திரை கொள்கிறான்’, ‘மழை பெய்தது’, ‘பஸ் வந்தது’, ‘மாங்காய் விழுந்தது’ ஆகியவற்றில் வேலை செய்தவரோடேயே வேலை முடிந்துவிடுகிறது. இன்னொரு பொருளில் போய்த் தங்கவில்லை. இவற்றைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்பார்கள். இவற்றுக்குச் செயப்பாட்டுவினை கிடையாது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ‘குளம் வான் பாய்ந்தது.’ இதில் ‘வான்’ என்பது செயப்படுபொருள் போலத் தெரிகிறது. ஒரு பிள்ளை ‘குளத்தால் வான் பாயப்பட்டது’ என்று எழுதி வந்தாள். ‘வானை’ என்று ஐ போட்டுச் சொல்லிப் பார் என்றேன். ‘குளம் வானைப் பாய்ந்தது’ என்று சொன்னவுடனே அவளுக்கே அது பொருந்தவில்லை என்று விளங்கிவிட்டது. ‘வான் பாய்’ என்பது இரண்டு சொல்லாய் நின்றாலும் ஒரே வினை. ‘குளிர் காய்’, ‘நித்திரை கொள்’ போன்றவையும் அப்படியே.

ஆனால் ஐ எழுதப்படாமல் மறைந்து நிற்கிற வசனங்களும் இருக்கின்றன. ‘அப்பா மரம் தறித்தார்’ என்பதில் ‘மரத்தைத் தறித்தார்’ என்று விரித்துச் சொல்லலாம். ஆகவே ‘மரம் அப்பாவால் தறிக்கப்பட்டது’ என்று மாற்றலாம். விரித்துச் சொல்லிக் காது ஏற்றுக்கொண்டால் மாற்றுங்கள், ஏற்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஐ உருபு இருந்தால் மாற்றலாம் என்றுதானே படித்தோம். ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதில் ஐ இருக்கிறதே, ஏன் மாறவில்லை?

நல்ல கேள்வி. ஐ இருப்பது மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்தவர் எழுவாயாக நிற்க வேண்டும். அவரைத்தான் நாங்கள் ஆல் போட்டுப் பின்னுக்கு அனுப்புகிறோம். ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதில் ‘நான்’ என்ற எழுவாயே இல்லை, ‘எனக்கு’ என்று நாலாம் வேற்றுமையில் நிற்கிறது. தெரிதல் எனக்கு நேர்கிற ஒன்று, நான் அவரை எதுவும் செய்யவில்லை. ஆகவே ‘அவர் என்னால் தெரியப்படுகிறார்’ என்பது தமிழாகாது. அதே கருத்தை ‘நான் அவரை அறிவேன்’ என்று சொன்னால் எழுவாய் வந்துவிடுகிறது. ‘அவர் என்னால் அறியப்பட்டவர்’ என்று மாற்றவும் முடிகிறது.

ஒரே வினையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவர்களை எல்லாருக்கும் தெரியும். ‘மீனவர் இறாலைப் பிடித்தார்’ என்பது ‘இறால் மீனவரால் பிடிக்கப்பட்டது’ என்று அழகாக மாறும். ‘எனக்கு இறால் பிடிக்கும்’ என்பது மாறாது. ‘இறால் என்னால் பிடிக்கப்படும்’ என்று எழுதினால் நான் வலையோடு களப்பில் இறங்கப்போகிறேன் என்று பொருள்படும். பசிக்கிறது, விளங்குகிறது, வலிக்கிறது, நினைவிருக்கிறது, வேண்டும் போன்றவையும் ‘எனக்கு’ என்று தொடங்கினால் அப்படியே நிற்கட்டும்.

ஐ இருந்தும் மாறாத இன்னொரு வகை இடம் சம்பந்தமானது. ‘பஸ் மாங்குளத்தை அடைந்தது.’ ‘மாங்குளம் பஸ்ஸால் அடையப்பட்டது’ என்று எழுதினால் காது சுளிக்கிறது. பஸ் வந்ததால் மாங்குளத்துக்கு எதுவும் நேரவில்லை, அது வெறும் சேருமிடம். ‘மாங்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது’ என்று வேறு உருபு போட்டும் சொல்லிவிடலாம். ‘மக்கள் ஊரை நீங்கினார்கள்’ என்பதிலும் ஊர் வெறும் புறப்படுமிடம். இப்படி உருபை மாற்றிச் சொல்ல முடிகிற ஐ, பெரும்பாலும் செயப்பாட்டுக்கு உதவாது. பத்திரிகைகளில் ‘இலக்கு அடையப்பட்டது’ என்று வருகிறதே என்று கேட்பீர்கள். அங்கே இலக்கு என்பது முயன்று முடித்த ஒரு காரியம். ஆகவே அது சரி.

‘மகன் தகப்பனை ஒத்திருக்கிறான்’ என்பதையும் மாற்ற முடியாது. ஒத்திருப்பது ஒரு நிலை, செய்கிற வேலை இல்லை.

‘கமலா தன் பிள்ளையைக் கூப்பிட்டாள்’ இதை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ‘தன்’ அப்படியே வரக்கூடாது. ‘தன்’ என்ற சொல் எழுவாயைப் பார்த்துத்தான் பொருள் கொள்ளும். கமலா எழுவாயாக இருந்தவரை அது கமலாவைக் குறித்தது. ‘தன் பிள்ளை கமலாவால் கூப்பிடப்பட்டது’ என்று எழுதினால் எழுவாய் பிள்ளை ஆகிவிடுகிறது, ‘தன்’ பற்றிப் பிடிக்க ஆளில்லாமல் போய்விடுகிறது. ‘கமலாவின் பிள்ளை அவளால் கூப்பிடப்பட்டது’ என்று பெயரை வெளியே எடுத்துவிட வேண்டும்.

செய்தவரும் தாங்கியவரும் ஒரே ஆளாக இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. ‘அவன் கையைக் கழுவிக்கொண்டான்’ என்பதில் ‘கொள்’ என்ற துணைவினை, வேலை அவனிடமே திரும்புகிறது என்று காட்டுகிறது. ‘கை அவனால் கழுவிக்கொள்ளப்பட்டது’ என்று தமிழர் யாரும் சொல்லமாட்டார்கள்.

‘அப்பா கவலைப்பட்டார்’ செயப்பாட்டுவினைதானே? ‘பட்டார்’ இருக்கிறதே!

இல்லை. ‘படு’வுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ‘திறக்கப்பட்டது’ என்பதில் ‘திறக்க’ என்ற வினையெச்சம் நிற்கிறது. ‘கவலைப்பட்டார்’ என்பதில் ‘கவலை’ என்ற பெயர்ச்சொல் நிற்கிறது. பெயரோடு சேர்ந்த ‘படு’ தனி வினையை உண்டாக்கிவிடுகிறது, அது செய்வினைதான். ஆசைப்பட்டான், வெட்கப்பட்டாள், கஷ்டப்பட்டார்கள், தேவைப்பட்டது, புறப்பட்டது எல்லாம் இந்த வகை. ‘அப்பாவைக் கவலைப்பட்டது யார்?’ என்று கேட்க முடியாது என்பதிலிருந்தே இது தெரியும்.

இந்தச் சொற்களில் சிலவற்றோடு ‘படுத்து’ என்று சேர்த்தால் பிறிதொருவர் செய்கிற வேலையாக மாறும். ‘மகனின் செயல் அப்பாவைக் கவலைப்படுத்தியது.’ இதையும் செயப்பாட்டில் எழுதினால் இலக்கணப்படி ‘அப்பா மகனின் செயலால் கவலைப்படுத்தப்பட்டார்’ என்று வரும், ஆனால் வாசிக்க இனிமையாக இல்லை. ‘வீதி மேம்பட்டது’, ‘வீதி மேம்படுத்தப்பட்டது’ என்ற இணையில் இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. முதலாவது தானாக நடந்தது போலவும், இரண்டாவது யாரோ செய்தது போலவும் இருக்கும்.

‘காணாமல் போனோர்’ என்று சொல்லாதீர்கள், ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று சொல்லுங்கள் என்று அம்மம்மா சொல்கிறா. இலக்கணத்தில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உங்கள் அம்மம்மா சொல்வது இலக்கணத்தில் நூற்றுக்கு நூறு சரி. இதை விளங்கிக்கொண்டால் மாற்ற முடியாத வினை என்றால் என்ன என்பது ஒருநாளும் மறக்காது. அதற்காக முதலில் ஒரு சாதாரண உதாரணம் பார்ப்போம்.

‘குளக்கட்டு உடைந்தது.’ உடைதல் கட்டுக்குத் தானாக நேர்ந்த ஒன்று. இதைப் பிள்ளைகள் ‘குளக்கட்டு உடையப்பட்டது’ என்று மாற்றுகிறார்கள். அது பிழை, ஏனென்றால் ‘உடை’ என்பது இந்தப் பொருளில் குன்றிய வினை. இதற்கு இணையாக ‘உடைத்தான்’ என்ற குன்றா வினை இருக்கிறது. அதிலிருந்துதான் ‘குளக்கட்டு உடைக்கப்பட்டது’ வரும். ஆனால் கவனியுங்கள், இது ‘உடைந்தது’ என்பதன் மாற்று வடிவம் இல்லை. செய்தியே வேறு. வெள்ளம் வந்தால் ஊரில் ‘கட்டு உடைஞ்சதோ, உடைச்சதோ?’ என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் இலக்கணம் முழுக்க இருக்கிறது. ‘உடைந்தது’ என்றால் ‘எதனால்?’ என்று காரணம் கேட்கலாம், வெள்ளத்தால் என்று பதில் வரும். ‘உடைக்கப்பட்டது’ என்றால் ‘யாரால்?’ என்று கேட்டே ஆக வேண்டும். பதில் எழுதப்படாவிட்டாலும் அந்த இடம் வசனத்துக்குள் இருக்கிறது.

இப்போது ‘காணாமல் போனார்’ என்பதைப் பாருங்கள். ‘போ’ குன்றிய வினை. எழுவாய் போனவரே. போனது அவருடைய வேலை என்று வசனம் சொல்கிறது. ‘காணாமல் போகப்பட்டார்’ என்று அதைச் செயப்பாட்டாக்க முடியாது. ஆகவே ‘யாரால்?’ என்ற கேள்வியை அந்த வசனத்துக்குள் வைக்கவே வழியில்லை. இதற்குத்தான் ‘ஆகு’ என்பதன் குன்றா இணையான ‘ஆக்கு’ என்ற வினை வருகிறது. ‘ஒருவர் இன்னொருவரைக் காணாமல் ஆக்கினார்’ என்பது செய்வினை. அதிலிருந்து ‘காணாமல் ஆக்கப்பட்டார்’, அதிலிருந்து ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. ‘வலிந்து’ என்பதையும் முன்னால் சேர்த்துச் சொல்வார்கள், அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தங்கள் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் தொடர் போராட்டத்தில் இருந்தபோது அவர்கள் கையில் பிடித்திருந்த சொல் இதுதான். ஒவ்வொரு ஆண்டும் ஓகஸ்ட் 30 அன்று வருகிற சர்வதேச நாளையும் அவர்கள் இந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். இப்படிக் காணாமல் ஆக்கப்பட்டோருக்கென 2016 இல் சட்டமாக்கப்பட்ட அரச அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலோ ‘காணாமற்போன ஆட்கள்’ என்று இருக்கிறது. படலையில் நின்று கையளித்த பிள்ளையைப் பற்றி ‘போனான்’ என்று எழுத ஒரு தாய்க்கு மனம் வராது. அவர்கள் இலக்கணப் புத்தகம் பார்த்து அந்தச் சொல்லைத் தெரிவு செய்யவில்லை. ஆனால் ‘யாரால்?’ என்ற இடம் எந்த வினையில் இருக்கிறது என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருக்கிறார்கள்.

இதே போல இன்னொரு இணையும் எங்கள் மண்ணில் புழங்குகிறது. ‘மக்கள் மீளக் குடியேறினார்கள்’ என்றால் அவர்களே வந்து இருந்துகொண்டார்கள். ‘மீள்குடியேற்றப்பட்டார்கள்’ என்றால் கொண்டுவந்து இருத்தினார்கள். ஏறு, ஏற்று என்ற ஒரு எழுத்து வித்தியாசம்தான். கட்டுரை எழுதும்போது எது நடந்ததோ அதை எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் மாணவனை முதலில் வைத்து மாற்றச் சொல்லித் தருகிறார்கள். தமிழில் ‘மாணவன் புத்தகம் கொடுக்கப்பட்டான்’ என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. தமிழில் ஐ உருபு ஏற்ற பொருள் மட்டுமே எழுவாயாக வரலாம். ‘ஆசிரியர் மாணவனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தார்’ என்பதில் கொடுக்கப்பட்டது புத்தகம். மாணவன் பெற்றுக்கொண்டவன், அவன் ‘மாணவனுக்கு’ என்றே நிற்பான். ‘ஆசிரியரால் மாணவனுக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது.’ மாணவனை முன்னுக்குக் கொண்டுவர விருப்பம் என்றால் ‘மாணவனுக்கு ஆசிரியரால் புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்று இடத்தை மாற்றுங்கள், உருபை மாற்றாதீர்கள். ‘மாணவன் கொடுக்கப்பட்டான்’ என்றால் மாணவனையே தூக்கி யாருக்கோ கொடுத்ததாகிவிடும்.

‘என்னால் இந்த மூட்டையைத் தூக்க முடியும்’ இதில் ‘என்னால்’ இருக்கிறதே, இது செயப்பாட்டுவினையா?

இல்லை, இங்கே ஆல் இயலும் தன்மையைக் காட்டுகிறது. ‘படு’ இல்லை, ‘மூட்டையை’ என்ற ஐ உருபும் போகவில்லை. ஆல் உருபுக்குப் பல வேலை. ‘கயிற்றால் கட்டினான்’ என்பதில் அது கருவி.

கருவியும் செய்தவரும் ஒரே வசனத்தில் வந்தால் இரண்டு ஆல் சேர்ந்து முட்டும். ‘விவசாயி அரிவாளால் கதிரை வெட்டினார்’ என்பதை ‘கதிர் விவசாயியால் அரிவாளால் வெட்டப்பட்டது’ என்று எழுதினால் பிழை இல்லை, ஆனால் வாசிக்கத் தடக்குகிறது. ‘கதிர் விவசாயியால் அரிவாள் கொண்டு வெட்டப்பட்டது’ என்று எழுதுங்கள்.

‘கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன’ இதைச் செய்வினையாக மாற்றச் சொன்னால் என்ன செய்வது? செய்தவர் யார் என்றே இல்லையே.

பொருத்தமான ஒரு எழுவாயை நீங்களே சேர்க்க வேண்டும். ‘பணியாளர்கள் கண்ணிவெடிகளை அகற்றினார்கள்’ என்று எழுதலாம். கதவுகளுக்கு ‘அதிகாரிகள்’ என்று மேலே நான் சேர்த்ததும் இப்படித்தான். பேச்சில் நாங்கள் ‘வான் கதவைத் திறந்திட்டாங்கள்’ என்று ஆள் பெயர் சொல்லாமலேயே செய்வினையில் முடித்துவிடுகிறோம். பரீட்சையில் எழுவாயை விட்டுவிடாதீர்கள்.

பழைய தமிழில் ‘படு’ இல்லாமலும் செயப்பாட்டுப் பொருள் வருமாமே?

வரும். ‘திண்ணை மெழுகிற்று’ என்பது இலக்கண உரைகளில் வருகிற உதாரணம். திண்ணை மெழுகாது, திண்ணையை ஒருவர் மெழுகினார். ஆனாலும் திண்ணையே செய்தது போலச் சொல்வது வழக்கு என்று தொல்காப்பியம் வினையியலில் ஏற்றுக்கொள்கிறது. இன்றும் ‘இது நான் வாங்கின மாடு’ என்கிறோம். ‘என்னால் வாங்கப்பட்ட மாடு’ என்று பட்டியில் நின்று யாரும் சொல்வதில்லை. பயிற்சியில் கேட்டால் ‘படு’ போட்டு மாற்றுங்கள், சொந்தமாக எழுதும்போது இந்த வழக்கைக் கைவிடாதீர்கள்.

ஒரு பந்தியை முழுக்க மாற்றிக் காட்டுவீர்களா?

தரம் 9 பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற பந்தி இது. முதலில் நீங்களே கொப்பியில் செய்து பாருங்கள்.

‘பெரும்போகத்தில் அப்பா மூன்று ஏக்கர் வயலை உழவு இயந்திரத்தால் உழுதார். மழை நன்றாகப் பெய்தது. அம்மாவும் சித்தியும் களை பிடுங்கினார்கள். ஒருநாள் இரவு யானைகள் வயலுக்குள் இறங்கின. அவை வேலியை முறித்தன, பயிரை மிதித்தன. அப்பா கவலைப்பட்டார். மாமா எங்களுக்கு நெல் மூட்டைகளைக் கொடுத்தார். எனக்கு அந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது.’

முதல் வசனத்தில் ‘வயலை’ இருக்கிறது, உழுதவர் எழுவாயாக இருக்கிறார். உழவு இயந்திரம் கருவி. ‘மூன்று ஏக்கர் வயல் அப்பாவால் உழவு இயந்திரம் கொண்டு உழப்பட்டது.’ இரண்டாவது ‘பெய்தது’ குன்றிய வினை, மாற்ற முடியாது. மூன்றாவதில் ஐ மறைந்திருக்கிறது, ‘களையைப் பிடுங்கினார்கள்’ என்று விரியும். எழுவாய் இரண்டு பேர் என்பதால் ஆல் உருபும் இரண்டு இடத்தில் வர வேண்டும்: ‘களை அம்மாவாலும் சித்தியாலும் பிடுங்கப்பட்டது.’ ‘அம்மாவும் சித்தியாலும்’ என்று எழுதுகிற பிள்ளைகள் அதிகம், கவனியுங்கள்.

நாலாவதில் ‘வயலுக்குள்’ என்பது இடம், ‘இறங்கின’ குன்றிய வினை, மாறாது. ஐந்தாவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ‘அவை’ என்பது ‘அவற்றால்’ ஆகும், ‘அவையால்’ ஆகாது. ‘வேலி அவற்றால் முறிக்கப்பட்டது, பயிர் மிதிக்கப்பட்டது.’ வேலி ‘முறியப்பட்டது’ என்று எழுதினால், ‘உடையப்பட்டது’ என்பதற்கு மேலே சொன்ன அதே பிழை. ஆறாவது ‘கவலை’ என்ற பெயரோடு சேர்ந்த ‘படு’, மாறாது. ஏழாவது: ‘மாமாவால் எங்களுக்கு நெல் மூட்டைகள் கொடுக்கப்பட்டன.’ மூட்டைகள் பல, ஆகவே ‘பட்டன’. எட்டாவது ‘எனக்கு’ என்று தொடங்குகிறது, நினைவிருத்தல் செய்கிற வேலை இல்லை, மாறாது.

எட்டில் நாலு அப்படியே நின்றுவிட்டன. விடைத்தாளில் அவற்றுக்கு எதிரே வெற்றிடம் விடாதீர்கள். ‘செயப்படுபொருள் குன்றிய வினையாதலால் மாற்ற முடியாது’ என்றோ, ‘எழுவாய் இல்லை, நாலாம் வேற்றுமையில் நிற்கிறது’ என்றோ காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

இதை எங்கே பயன்படுத்துவது? கதை எழுதும்போது எல்லாவற்றையும் செயப்பாட்டில் எழுதினால் நல்லதா?

வேண்டாம். மேலே உள்ள பந்தியைச் செயப்பாட்டில் வாசித்துப் பாருங்கள், அப்பாவும் அம்மாவும் தூரப் போய்விடுகிறார்கள். கதைக்கும் கடிதத்துக்கும் செய்வினைதான் உயிர். ஆனால் அதே யானை பயிரை அழித்ததற்கு நட்டஈடு கேட்டு அப்பா விண்ணப்பம் எழுதும்போது, முக்கியமானது பயிர். ‘எனது மூன்று ஏக்கர் வயலின் ஒரு பகுதிப் பயிர் யானைகளால் மிதித்து அழிக்கப்பட்டது’ என்று பயிரை எழுவாயாக வைத்து எழுதினால் படிக்கிறவர் கண்ணில் முதலில் வயல்தான் படும். ‘யானைகளால்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் மாடு மேய்ந்ததா, யானை மிதித்ததா என்று திரும்பக் கேட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார்கள்.